கேம் வடிவமும் பின்தொடரியின் இயக்கமும்: வால்வு இயக்கத் தொகுதியில் சீரான முடுக்க வளைவின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

உள்ளெரி எந்திரத்தின் வால்வுகளைத் திறந்து மூடும் கேமின் வடிவம், பின்தொடரியின் ஏற்றத்தை மட்டுமன்றி அதன் திசைவேகத்தையும் முடுக்கத்தையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. உச்ச முடுக்கம் குறைவாக உள்ள கேமே அமைதியாகவும் தேய்மானமின்றியும் இயங்கும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானது; ஆயினும் அது சரியன்று. ஒரே ஏற்றமும் ஒரே கால அளவும் கொண்ட இரு கேம் வடிவங்களை எண்வழியில் ஒப்பிட்டு, முடுக்கத்தின் அளவைவிட அது மாறும் விதமே இரைச்சலையும் தேய்மானத்தையும் ஆள்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. டேப்பெட் இடைவெளியின் பங்கும் கேமை அளந்து சோதிக்கும்போது எழும் சிக்கலும் உடன் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கேம், பின்தொடரி, முடுக்க வளைவு, இயல்பு அதிர்வெண், வால்வுச் சுருள்வில், டேப்பெட் இடைவெளி

1. முன்னுரை

நெம்புருள் எனக் கலைச்சொல் நூல்கள் குறிக்கும் கேம், சுழற்சி இயக்கத்தை முன்பின் இயக்கமாக மாற்றும் உறுப்பாகும். நான்கு வீச்சு எந்திரத்தில் கேம் தண்டு, வணரித் தண்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் கேமின் மூக்குப்பகுதி பின்தொடரியைத் தள்ளி வால்வைத் திறக்கிறது. அதனை மூடுவது கேம் அன்று, சுருள்வில்லே. கேம் தள்ள மட்டுமே வல்லது, இழுக்க வல்லதன்று. இப்பொருளில் எழும் பெரும்பாலான சிக்கல்கள் இந்த ஒரு வரம்பிலிருந்தே பிறக்கின்றன.

இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது, கேம் தட்டையான டேப்பெட்டின் மீது நேரடியாக அழுந்தும் அமைப்பு. இதில் நெம்பு கையோ தள்ளு கோலோ இல்லை. எனவே பின்தொடரியின் ஏற்றமே வால்வின் ஏற்றமாகும். ஒப்பீட்டிற்காகத் தெரிவு செய்யப்பட்ட அளவுகள் பின்வருமாறு: ஏற்றம் 9 மி.மீ.; மூடிய நிலையிலிருந்து முழு ஏற்றத்தை அடையக் கேம் சுழலும் கோணம் 66 பாகை; எந்திர வேகம் நிமிடத்திற்கு 6000 சுற்று; வால்வு, டேப்பெட், தாங்கு தட்டு, சுருள்வில்லின் ஒரு பகுதி ஆகியவை சேர்ந்த இயங்கு நிறை 0.12 கி.கி. சுருள்வில் மூடிய நிலையில் 220 நியூட்டன் விசையுடன் அழுத்துகிறது. ஏற்றத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அவ்விசை 30 நியூட்டன் கூடுகிறது.

2. வடிவத்திலிருந்து இயக்கம்

தட்டைப் பின்தொடரியின் ஏற்றம் y கேம் கோணம் θ-வின் சார்பாகத் தரப்பட்டால், இயக்கம் முழுவதும் அதிலிருந்து கிடைக்கும். கேமின் கோணத் திசைவேகம் ω எனில்,

v = ω · dy/dθ

a = ω² · d²y/dθ²

இவ்விரு சமன்பாடுகளும் இரு செய்திகளைத் தருகின்றன. முதலாவது, முடுக்கம் வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. நிமிடத்திற்கு 3000 சுற்றில் குறையின்றி இயங்கும் கேம் 6000 சுற்றில் நான்கு மடங்கு நிலைம விசையைச் சந்திக்கிறது. இரண்டாவது, முடுக்கத்தை முடிவு செய்வது ஏற்ற வளைவின் உயரம் அன்று, அதன் வளைவு மாறும் விதம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் இரு கேம்கள் முற்றிலும் வேறுபட்ட முடுக்கத்தைத் தரக்கூடும்.

திசைவேகம் சுழியில் தொடங்கி முழு ஏற்றத்தில் மீண்டும் சுழியாக வேண்டும். ஆதலால் முடுக்க வளைவில் நேர்ப்பகுதியின் பரப்பும் எதிர்ப்பகுதியின் பரப்பும் சமமாக இருந்தாக வேண்டும். நேர்முடுக்கத்தின்போது கேம் டேப்பெட்டைத் தள்ளுகிறது, விசைக்குப் பஞ்சமில்லை. எதிர்முடுக்கத்தின்போதோ டேப்பெட் கேமை விட்டு விலக முற்படுகிறது. அதைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு சுருள்வில்லுடையது. எனவே வடிவமைப்பாளர் நேர்முடுக்கத்தைக் குறுகிய கோணத்தில் உயரமாகவும், எதிர்முடுக்கத்தை நீண்ட கோணத்தில் தாழ்வாகவும் அமைக்கிறார். பாடநூல்களில் காணும் சமச்சீரான ஏற்ற வளைவுகள் வால்வுக் கேமிற்கு அப்படியே பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

3. முதல் வடிவம்: மாறா முடுக்கம்

மேற்கண்ட நிபந்தனைகளை நிறைவு செய்யும் எளிய வடிவம், முதல் 22 பாகைக்கு மாறா நேர்முடுக்கமும் அடுத்த 44 பாகைக்கு மாறா எதிர்முடுக்கமும் கொண்டது. நிமிடத்திற்கு 6000 சுற்றில் கேம் ஒரு மில்லிவினாடிக்கு 18 பாகை சுழல்கிறது. ஆகவே 66 பாகையைக் கடக்க 3.67 மில்லிவினாடி ஆகும். திசைவேக வளைவு முக்கோணமாக அமைவதால் உச்சத் திசைவேகம் 2 × 9 / 3.67, அதாவது 4.91 மீ/வி. இதிலிருந்து நேர்முடுக்கம் 4020 மீ/வி² எனவும் எதிர்முடுக்கம் 2010 மீ/வி² எனவும் கிடைக்கின்றன.

தொடுகை நீடிக்கிறதா என்பதை முதலில் உறுப்புகள் யாவும் விறைப்பானவை என்ற எடுகோளில் காணலாம். முடுக்கம் திசை மாறும் 22-ஆம் பாகையில் ஏற்றம் 3 மி.மீ.; சுருள்வில் விசை 310 நியூட்டன். எதிர்முடுக்கத்திற்குத் தேவையான விசை 0.12 × 2010, அதாவது 241 நியூட்டன். அதன் பின்னர் ஏற்றம் கூடக் கூடச் சுருள்வில் விசையும் கூடுவதால், இப்புள்ளியே மிக நெருக்கடியானது. இங்கும் ஏறத்தாழ 29 விழுக்காடு மிகுதி உள்ளது. இக்கணக்கின்படி நிமிடத்திற்கு 6800 சுற்று வரை தொடுகை விடுபடக் கூடாது.

நடைமுறையில் இத்தகைய கேம் மிகக் குறைந்த வேகத்திலேயே கடும் ஓசையுடன் இயங்கும். கணக்கில் பிழை இல்லை. அதன் எடுகோளில்தான் பிழை உள்ளது.

4. மீட்சித்தன்மையும் திடீர் மாற்றமும்

வால்வின் தண்டு, டேப்பெட், கேம் தண்டு, அதன் தாங்கிகள் ஆகிய யாவும் சிறிதளவேனும் நெகிழ்கின்றன. எனவே கேமின் பரப்பு விதிக்கும் முடுக்கம் வேறு, வால்வு உண்மையில் பெறும் முடுக்கம் வேறு. இவ்விரண்டையும் இணைக்கும் எளிய மாதிரி, ஒரு நிறையும் ஒரு விறைப்பான வில்லும் கொண்டது. இங்கு அவ்வில்லின் விறைப்பு மைக்ரோமீட்டருக்கு 6.8 நியூட்டன் எனக் கொள்ளப்படுகிறது, 0.12 கி.கி. நிறையுடன் அது 1200 ஹெர்ட்ஸ் இயல்பு அதிர்வெண்ணைத் தருகிறது. அலைவுக் காலம் 0.833 மில்லிவினாடி. நிமிடத்திற்கு 6000 சுற்றில் இது கேமின் 15 பாகைக்குச் சமம். பின்வரும் பகுதிகளில் இந்த 15 பாகையே அளவுகோலாக அமைகிறது.

இத்தகைய தொகுதியின் மீது A என்ற முடுக்கம் திடீரெனச் சுமத்தப்பட்டால் வால்வின் முடுக்கம் உடனே A ஆவதில்லை. தணிப்பைப் புறக்கணித்தால் அது A(1 − cos ωₙt) என்ற வகையில் மாறுகிறது. இங்கு ωₙ தொகுதியின் இயல்புக் கோண அதிர்வெண். அரை அலைவுக் காலத்தில் வால்வின் முடுக்கம் 2A-வைத் தொட்டு, பின்னர் A-வைச் சுற்றி அலைகிறது. முடுக்கத்தில் நிகழும் ஒவ்வொரு திடீர் மாற்றமும், தன் அளவிற்குச் சமமான வீச்சுடைய ஓர் அதிர்வைத் தொகுதியில் விட்டுச் செல்கிறது எனச் சுருங்கக் கூறலாம்.

முதல் வடிவத்தில் தொடக்கத்தில் நிகழும் மாற்றம் 4020 மீ/வி². எனவே வால்வின் முடுக்கம் 8040 வரை எழுகிறது. 22-ஆம் பாகையில் நிகழும் மாற்றமோ +4020-இலிருந்து −2010 வரை, அதாவது 6030. முதல் அதிர்வு முற்றிலும் அடங்கிவிட்டது எனக் கொண்டாலும், வால்வின் முடுக்கம் −2010-ஐச் சுற்றி 6030 வீச்சுடன் அலைந்து −8040-ஐ எட்ட முற்படுகிறது. இதற்குத் தேவையான விசை 965 நியூட்டன். அரை அலைவுக் காலம் கழிந்த அந்நிலையில் ஏற்றம் 4.9 மி.மீ., சுருள்வில் தரக்கூடிய விசை 366 நியூட்டன் மட்டுமே. ஆதலால் டேப்பெட் கேமை விட்டு விலகுகிறது. சற்றுப் பின்னர் திரும்பி வந்து மோதுகிறது. அம்மோதலே ஓசை. இம்மாதிரியில் தொடுகை முதன்முதலில் விடுபடுவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 3600 சுற்றில். தணிப்பு இவ்வெல்லையைச் சற்று உயர்த்தும். ஆயினும் விறைப்பு எடுகோள் காட்டிய 6800-க்கு அது ஈடாகாது.

5. இரண்டாம் வடிவம்: சரிவான மாற்றம்

முடுக்கம் திடீரென மாறாமல் t என்ற கால அளவில் நேர்கோட்டில் மாறினால், எஞ்சும் அதிர்வின் வீச்சு குறைகிறது. அலைவுக் காலம் τ எனவும் r = t/τ எனவும் கொண்டால், குறைவுக் காரணி

|sin(πr) / (πr)|

r சுழியை அணுகும்போது காரணி 1; அதாவது திடீர் மாற்றம். r = 1 ஆகும்போது காரணி சுழி; எஞ்சும் அதிர்வே இல்லை. அதற்கு மேல் காரணி எங்கும் 0.22-ஐத் தாண்டுவதில்லை. மாற்றம் குறைந்தது ஓர் அலைவுக் காலமாவது நீடிக்க வேண்டும் என்ற நெறி இதிலிருந்து பெறப்படுகிறது.

இந்நெறிப்படி இரண்டாம் வடிவம் அமைக்கப்படுகிறது. முதல் 15 பாகையில் முடுக்கம் சுழியிலிருந்து உச்சத்திற்கு நேர்கோட்டில் ஏறுகிறது. அடுத்த 15 பாகையில் உச்சத்திலிருந்து எதிர்முடுக்கத்திற்கு நேர்கோட்டில் இறங்குகிறது. எஞ்சிய 36 பாகையில் எதிர்முடுக்கம் மாறாமல் நிற்கிறது. ஏற்றமும் மொத்தக் கோணமும் முன்போலவே. பரப்புச் சமநிலையையும் 9 மி.மீ. ஏற்றத்தையும் நிறைவு செய்தால், உச்ச நேர்முடுக்கம் 6700 மீ/வி² ஆகவும் எதிர்முடுக்கம் 2310 மீ/வி² ஆகவும் அமைகின்றன. காகிதத்தில் நோக்கினால் இது பின்னடைவே: நேர்முடுக்கம் மூன்றில் இரண்டு பங்கு கூடியுள்ளது, எதிர்முடுக்கம் 15 விழுக்காடு கூடியுள்ளது.

வால்வு உண்மையில் பெறுவது பின்வரும் அட்டவணையில் தரப்படுகிறது. முதல் வடிவத்தின் எதிர்முடுக்க மதிப்பு, தொடுகை விடுபடாது எனக் கொண்டு கணக்கிடப்பட்டது.

| நிமிடத்திற்கு 6000 சுற்றில் (மீ/வி²) | முதல் வடிவம் | இரண்டாம் வடிவம் |
|---|---|---|
| கேம் விதிக்கும் நேர்முடுக்கம் | 4020 | 6700 |
| வால்வு பெறும் நேர்முடுக்கம் | 8040 | 6700 |
| கேம் விதிக்கும் எதிர்முடுக்கம் | 2010 | 2310 |
| வால்வு பெறும் எதிர்முடுக்கம் | 8040 | 2310 |

இரண்டாம் வடிவத்தில் ஒவ்வொரு சரிவும் சரியாக ஓர் அலைவுக் காலம் நீடிப்பதால், அதிர்வு எஞ்சாமல் வால்வு கேமின் ஆணையைப் பின்பற்றுகிறது. எதிர்முடுக்கம் முழு மதிப்பை அடையும் 30-ஆம் பாகையில் தேவையான விசை 277 நியூட்டன். சுருள்வில் தருவது 351 நியூட்டன். எதிர்முடுக்கம் கூடியிருந்தும் மிகுதி பெரிதும் குறையாமைக்கு ஒரு காரணம் உண்டு. மாற்றம் மெல்ல நிகழ்வதால், எதிர்முடுக்கம் முழுமை பெறும் வேளையில் ஏற்றம் 4.4 மி.மீ. ஆகிவிடுகிறது, சுருள்வில்லும் அதற்கேற்ப மேலும் இறுகியிருக்கிறது.

ஒரு வேகத்திற்கென அமைத்த சரிவு பிற வேகங்களில் என்னாகும் என்ற ஐயம் எழலாம். வேகம் குறைந்தால் 15 பாகையைக் கடக்கும் காலம் நீள்கிறது, r ஒன்றைவிடப் பெரிதாகிறது, காரணி 0.22-க்குள் அடங்குகிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 4200 சுற்றில் காரணி அந்த உச்சத்தை அடைகிறது. எனினும் அவ்வேகத்தில் முடுக்கங்கள் பாதியாகக் குறைந்துவிடுவதால், இரு சரிவுகளின் எஞ்சிய அதிர்வுகளும் தணியாமல் ஒன்றுகூடினாலும் தேவைப்படும் விசை 336 நியூட்டன்தான், தொடுகை விடுபடாது. 6000-க்கு மேல் நிலைமை வேறு. சரிவின் காலம் குறுகுகிறது, எஞ்சும் அதிர்வு தலைதூக்குகிறது, 6750 அளவில் சுருள்வில்லின் அடிப்படை வரம்பே குறுக்கிடுகிறது. சீரான வளைவு இவ்வரம்பை அகற்றுவதில்லை. வரம்பு வரை எந்திரம் தொல்லையின்றி இயங்க வழிசெய்கிறது.

வால்வின் விரும்பிய இயக்கத்தை முதலில் வரையறுத்து, தொகுதியின் நெகிழ்வைக் கணக்கிட்டு, அதிலிருந்து கேம் வடிவத்தைப் பின்னோக்கிப் பெறும் முறை 1948-இல் டட்லியால் முன்வைக்கப்பட்டது. 1953-இல் ஸ்டாடர்ட் அதனைப் பாலிடைன் என்ற பெயரில் பல்லுறுப்புக் கோவைகளைக் கொண்டு விரித்துரைத்தார். மேற்கண்ட நேர்கோட்டுச் சரிவு அவ்வழியின் மிக எளிய உருவம் எனலாம்.

6. டேப்பெட் இடைவெளியும் இருக்கை மோதலும்

வால்வுத் தண்டு சூட்டில் நீள்வதால் கேமிற்கும் டேப்பெட்டிற்கும் இடையே குளிர்நிலையில் சிறு இடைவெளி விடப்படுகிறது. அது 0.2 மி.மீ. எனக் கொள்ளலாம். கேம் அந்த 0.2 மி.மீ. ஏறிய பின்னரே டேப்பெட்டைத் தொடுகிறது. முதல் வடிவத்தில் அத்தருணத்தில் கேமின் ஏற்றத் திசைவேகம் 1.27 மீ/வி, இரண்டாம் வடிவத்தில் 1.13 மீ/வி. வேறுபாடு சொற்பமே. சீரான முடுக்கம் மட்டும் இவ்வோசையைத் தீர்க்காது.

இதற்கென ஏற்ற வளைவின் இரு முனைகளிலும் மாறாத் திசைவேகம் கொண்ட ஒரு தாழ்சரிவு சேர்க்கப்படுகிறது. பாகைக்கு 0.015 மி.மீ. வீதம் உயரும் சரிவு, 6000 சுற்றில் 0.27 மீ/வி திசைவேகத்தைத் தரும். மோதல் ஆற்றல் திசைவேகத்தின் இருபடிக்கு ஏற்ப அமைவதால், 1.27 மீ/வி-யுடன் ஒப்பிட அது 22-இல் ஒரு பங்காகிறது. சரிவின் உயரம் இடைவெளியைவிடக் கூடுதலாக, இங்கு 0.3 மி.மீ. அளவில், இருக்க வேண்டும். தேய்மானத்தால் இடைவெளி 0.3 மி.மீ.-ஐத் தாண்டினால் தொடுகை சரிவைக் கடந்து செங்குத்தான பகுதியில் நிகழும். எந்திரம் திடீரென ஓசையிடத் தொடங்கும்.

மூடும் பக்கத்தில் இச்சரிவும் முடுக்க வளைவும் ஒன்றையொன்று சார்ந்துள்ளன. முதல் வடிவத்தில் சரிவு தொடங்கும் இடத்தில் முடுக்கம் 4020-இலிருந்து சுழிக்குத் திடீரென வீழ்கிறது. அது எழுப்பும் அதிர்வின் திசைவேக வீச்சு 4020 / 7540, அதாவது 0.53 மீ/வி. வால்வு 0.27 மீ/வி-இல் இருக்கையை அடைய வேண்டுமென வடிவமைக்கப்பட்டிருந்தாலும், தணிப்பு போதாவிடில் அது 0.80 மீ/வி வரையான திசைவேகத்துடன் மோதக்கூடும். மோதிய வால்வு மீண்டெழுந்து இரண்டாம் முறையும் மோதலாம். இருக்கையின் விளிம்பு தேய்வதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். முடுக்கம் சீராக அமையாவிடில் சரிவின் பயனும் கைநழுவுகிறது.

7. தேய்மானம்

கேமும் தட்டை டேப்பெட்டும் ஒரு கோட்டில் தொடுகின்றன. அங்கு எழும் அழுத்தம் விசையையும் கேமின் வளைவு ஆரத்தையும் பொறுத்தது. அடிவட்ட ஆரம் R எனில் வளைவு ஆரம்

ρ = R + y + d²y/dθ²

எதிர்முடுக்கப் பகுதியில் மூன்றாம் உறுப்பு எதிர்க்குறி பெறுவதால் ρ சிறுத்து அழுத்தம் கூடுகிறது. இரண்டாம் வடிவத்தில் அவ்வுறுப்பு −23.4 மி.மீ. ஆதலால் அடிவட்ட ஆரம் 22 மி.மீ. என்று கொண்டாலும் 30-ஆம் பாகையில் ρ 3 மி.மீ. மட்டுமே. நடைமுறை வடிவமைப்பில் எதிர்முடுக்கம் மாறாமல் விடப்படாமல், சுருள்வில் விசை வளர்வதற்கேற்பத் தாழ்வாகத் தொடங்கி மூக்கை நோக்கி வளருமாறு அமைக்கப்படுவதற்கு இது ஒரு காரணம்.

மசகு எண்ணெய் தொடுகைக்குள் இழுக்கப்படும் சராசரித் திசைவேகம் ½ω(R + y + 2·d²y/dθ²) ஆகும். முடுக்கம் நேர்க்குறியிலிருந்து எதிர்க்குறிக்கு மாறும் பகுதியில் இது ஒரு கணம் சுழியைக் கடக்கிறது. எண்ணெய்ப் படலம் அங்கு மிக மெலிகிறது. முதல் வடிவத்தில் முடுக்கம் திடீரெனத் தலைகீழாகி அதிர்வைக் கிளப்பும் இடமும் அதுவே. படலம் மெலிந்த இடத்தை ஒட்டித் தொடுகை விடுபட்டு மோதலுடன் மீள்வதால், கேமின் பக்கவாட்டிலும் மூக்கின் தொடக்கத்திலும் குழிகளும் சிராய்ப்பும் தோன்றுகின்றன. குறைந்த வேகத்தில் உருவாகும் தேய்மானம் இதனின்று வேறுபட்டது. அப்போது நிலைம விசை அற்பமாதலால் சுருள்வில்லின் முழு விசையான 490 நியூட்டனும் மூக்கின் உச்சியில் விழுகிறது. குறி பக்கவாட்டிலா உச்சியிலா என்பது, குறை வடிவத்திலா சுருள்வில்லிலா என்று பிரித்தறிய உதவும் முதல் தடயமாகும்.

8. அளந்து அறிதலின் வரம்பு

பயன்பாட்டிலுள்ள கேமின் முடுக்க வளைவைப் பெற, ஒவ்வொரு பாகைக்கும் ஏற்றத்தை அளந்து இரண்டாம் வேறுபாட்டைக் கணக்கிடுவது வழக்கம். அடுத்தடுத்த மூன்று அளவீடுகளில் y₁ − 2y₂ + y₃ கணக்கிடப்படுகிறது. ஒவ்வோர் அளவீட்டிலும் 1 மைக்ரோமீட்டர் பிழை இருப்பின், இவ்வேறுபாட்டில் பிழை 4 மைக்ரோமீட்டர் வரை எழலாம். 6000 சுற்றில் அது ஏறத்தாழ 1300 மீ/வி² முடுக்கத்திற்குச் சமம். ஆராயப்படும் எதிர்முடுக்கத்தில் பாதிக்கும் மேல். கணக்கிட்ட வளைவில் தோன்றும் பற்கள் கேமினுடையனவா அளவுமானியினுடையனவா என்று இந்நிலையில் கூற இயலாது. 5 பாகை இடைவெளியில் வேறுபாடு எடுத்தால் பிழை 25-இல் ஒரு பங்காகச் சுருங்கும்; எனினும் 15 பாகை அகலமுள்ள சரிவின் நுட்பமும் ஓரளவு மழுங்கும்.

இதன் மறுபக்கம் உற்பத்தியைச் சார்ந்தது. அரைப்பின்போது பரப்பில் விழும் ஒரு மைக்ரோமீட்டர் அலையும் அதே அளவு முடுக்கப் பிழையைத் தருகிறது. வரைபடத்தில் எத்துணைச் சீரான வளைவாயினும், அரைவைக் கல்லின் அதிர்வு 15 பாகை அளவிலான அலையாகக் கேமில் பதிந்தால், தொகுதியின் இயல்பு அதிர்வெண் 6000 சுற்றில் தூண்டப்படும்.

9. முடிவுரை

விறைப்பு எடுகோளில் முதல் வடிவம் எல்லா அளவிலும் மேலானதாகத் தோன்றியது: குறைந்த முடுக்கம், குறைந்த விசை, சற்றே கூடுதலான வேக வரம்பு. நெகிழ்வைச் சேர்த்ததும் நிலை தலைகீழாயிற்று. முடுக்கத்தின் உச்சம் 67 விழுக்காடு கூடிய இரண்டாம் வடிவத்தில் வால்வு பெறும் நேர்முடுக்கம் குறைந்தது. தொடுகை விடுபடும் வேகம் 3600 அளவிலிருந்து 6000-க்கு மேல் உயர்ந்தது. கேம் வடிவத்தை மதிப்பிடுவோர் முடுக்கத்தின் உச்சத்தை மட்டும் நோக்காமல், அதன் ஒவ்வொரு மாற்றமும் தொகுதியின் அலைவுக் காலத்துடன் ஒப்பிட எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் நோக்க வேண்டும்.

இங்கு பயன்பட்ட ஒற்றை நிறை மாதிரிக்கு எல்லைகள் உண்டு. சுருள்வில்லின் சுற்றுகள் தமக்கே உரிய அதிர்வெண்ணில் அலைவதையும், கேம் தண்டு முறுக்குண்டு சுழற்சி வேகம் மாறுவதையும் அது கணக்கில் கொள்வதில்லை. தள்ளு கோலும் நெம்பு கையும் கொண்ட அமைப்புகளில் இயல்பு அதிர்வெண் மேலும் தாழ்வதால் தேவைப்படும் சரிவின் கோணம் அகல்கிறது. அதே ஏற்றத்தை அதே கோணத்திற்குள் அடக்குவது கடினமாகிறது. அவ்வமைப்புகளில் ஏற்றத்தையோ வேகத்தையோ விட்டுக்கொடுக்க நேர்வதன் காரணம் இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது.